உயிரே இல்லாத டெஸ்க்டாப்: சுவர் சுவிட்சிலிருந்து ஊதா வயர் வரை

டிசம்பர் பள்ளி விடுமுறையில் மூன்று வாரம் தஞ்சாவூர் போய்த் திரும்பிய எங்கள் புளோக்கு அக்கா ஒருவர், வந்த மறுநாள் காலையிலேயே கூப்பிட்டார். “தம்பி, கம்ப்யூட்டர் செத்துப்போன மாதிரிக் கிடக்கு. போறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. பட்டனை அமுக்கினா ஒரு சத்தமும் இல்ல.”

ஊருக்குக் கிளம்பும்போது சுவர் சுவிட்சுகளை எல்லாம் பொறுப்பாக அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த டெஸ்க்டாப்புக்கு எட்டு வயது. வாங்கிய நாள் முதல் அதன் சுவர் சுவிட்சை யாரும் தொட்டதில்லை. முழுதாக மின்சாரம் இல்லாமல் அது இருந்தது இந்த மூன்று வாரம்தான். இது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், அன்றைக்கு நான் பார்த்த வரிசையையே இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இதே வரிசையில் பார்க்கலாம்.

ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டி, பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றாது, விளக்கு எரியாது, எந்தச் சத்தமும் வராது என்ற நிலைக்கு மட்டும்தான். விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டாக இருக்கிறது என்றால் அது வேறு கோளாறு. ரேம், கிராபிக்ஸ் கார்டு என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

சுவரிலிருந்து பெட்டி வரை

சுவர் சாக்கெட்டில்தான் தொடங்க வேண்டும். சிங்கப்பூர் வீடுகளில் சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே சுவிட்ச் இருக்கும். மேசைக்குப் பின்னால் இருப்பதால் கால் பட்டோ, துடைக்கும்போதோ அணைந்துவிடும். அதை ஆன் செய்துவிட்டு, எக்ஸ்டென்ஷனைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு மேசை விளக்கை நேராக அந்தச் சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சுவர் நல்லது. அதன்பின் அதே விளக்கை எக்ஸ்டென்ஷனில் போட்டுப் பாருங்கள், அதுவும் கம்ப்யூட்டர் செருகியிருந்த அதே துளையில். எக்ஸ்டென்ஷனில் மற்ற துளைகள் வேலை செய்து ஒன்று மட்டும் தளர்ந்துபோயிருப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

கம்ப்யூட்டர் பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டதும் வீட்டு மின்பெட்டியில் சுவிட்ச் விழுந்துவிடுகிறதா? அப்படியானால் அங்கேயே நிறுத்துங்கள். ‘இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்’ என்று திரும்பத் திரும்பத் தூக்கிவிடக் கூடாது. கேபிளிலோ பவர் சப்ளைக்குள்ளோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள். பெட்டியிலிருந்து கழற்றிய கேபிளை மட்டும் செருகிப் பார்த்து, அப்போது விழவில்லை என்றால் பவர் சப்ளையை மாற்ற வேண்டியதுதான்.

அடுத்தது கேபிள். இதற்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான மானிட்டர்களின் கேபிளும் டெஸ்க்டாப்பின் கேபிளும் ஒரே வகைதான். மானிட்டரில் விளக்கு எரிகிறது என்றால் அதன் கேபிள் நல்லது என்று கண்ணாலேயே பார்த்துவிட்டோம். அதைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். பெட்டியில் உயிர் வந்தால் கோளாறு கேபிளில்.

நம் மூன்று முள் பிளக்குக்குள் ஃபியூஸ் இருப்பது பலருக்குத் தெரியாது. முட்களுக்கு நடுவே சின்ன மூடி ஒன்று தெரியும். பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, தட்டை ஸ்குரூடிரைவரால் மெல்ல நெம்பினால், ஒரு அங்குல நீளத்தில் பீங்கான் குழாய் போன்ற ஃபியூஸ் வெளியே வரும். எரிந்திருப்பது வெளியில் தெரியாது. மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து இரு முனைகளிலும் தொட்டால், நல்ல ஃபியூஸுக்குச் சத்தம் வரும். மாற்றுவதானால் பழையதில் என்ன ஆம்பியர் அச்சிட்டிருக்கிறதோ அதையே போடுங்கள். 3 ஆம்பியர் எரிந்த இடத்தில் 13 ஆம்பியரைப் போட்டால், அடுத்த முறை ஃபியூஸ் எரிவதற்கு முன் கேபிள் சூடாகிவிடும். புது ஃபியூஸும் உடனே எரிந்தால் மூன்றாவதைத் தேட வேண்டாம். பவர் சப்ளையில் ஷார்ட்.

கேபிளின் மறுமுனையைப் பெட்டிக்குள் அழுத்திச் செருகுங்கள். இது லேசாகச் செருகினாலே நிற்கும், ஆனால் உள்ளே தொடாமல் இருக்கும். கடைசி அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் பலம் கொடுக்க வேண்டும். அதற்குப் பக்கத்தில் பெட்டியின் பின்புறம் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. கோடு போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆஃப். வீட்டை ஒதுங்கவைத்தபின் ‘செத்துப்போன’ கம்ப்யூட்டர்களில் இந்தச் சுவிட்ச் மட்டுமே காரணமாக இருந்தவற்றை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மிகப் பழைய பெட்டிகளில் இங்கே 115, 230 என்று இன்னொரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். சிங்கப்பூர் மின்சாரம் 230 வோல்ட். அது 230இல்தான் இருக்க வேண்டும். 115இல் வைத்து மின்சாரம் கொடுத்தால் பவர் சப்ளை அந்த நொடியே வெடித்துப் போகும்.

கடைசியாக, பெட்டியைத் திறக்கும் முன் செய்ய வேண்டியது: சுவர் சுவிட்சை அணைத்துப் பிளக்கை எடுங்கள், பவர் பட்டனைப் பதினைந்து இருபது விநாடி அழுத்திப் பிடியுங்கள், ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி செருகிப் பாருங்கள். ஏதோ ஒரு கணம் மின்சாரம் ஏறி இறங்கியதில் பவர் சப்ளை தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கலாம். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்தால்தான் அந்தப் பூட்டு விடும்.

அக்கா வீட்டில் இதெல்லாம் சரியாக இருந்தது. மேசை விளக்கு எரிந்தது. மானிட்டர் கேபிளை மாற்றிப் போட்டும் அசைவில்லை. பின்சுவிட்ச் கோட்டுப் பக்கம்தான் இருந்தது.

விளக்கு எரிகிறதா?

இனி பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்ற வேண்டும். பிளக்கை எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். கழற்றியபின் மறுபடி செருகி, அறை விளக்கை அணைத்துவிட்டு மதர்போர்டைப் பாருங்கள்.

டெஸ்க்டாப் நாம் நினைப்பதுபோல் முழுதாக அணைவதில்லை. பவர் சப்ளைக்குள் இரண்டு பகுதிகள் உண்டு. பெரிய பகுதி, கம்ப்யூட்டர் ஓடும்போது மட்டும் வேலை செய்வது. சின்னப் பகுதி, சுவரில் மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் விழித்திருந்து, 5 வோல்ட்டை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பது. இதைத்தான் ஸ்டாண்ட்பை என்கிறோம். நீங்கள் பவர் பட்டனை அழுத்துவதை மதர்போர்டு உணர்வதே இந்த 5 வோல்ட்டை வைத்துத்தான். ஆகவே பட்டன் எந்த மின்சாரத்தையும் ‘போடுவது’ இல்லை. ‘எழுந்திரு’ என்று சொல்வது மட்டுமே அதன் வேலை.

பல மதர்போர்டுகளில் இந்த ஸ்டாண்ட்பை இருப்பதைக் காட்ட பச்சையாகவோ ஆரஞ்சாகவோ ஒரு பொடி விளக்கு இருக்கும். பிளக்கைச் செருகியதும் எரியும். எடுத்தால் சில விநாடி மங்கி மங்கி அணையும். உங்கள் போர்டில் அந்த விளக்கு இல்லையென்றால் பின்பக்க நெட்வொர்க் துளையின் விளக்கையோ, மவுஸின் அடியில் தெரியும் சிவப்பையோ பாருங்கள். ஆனால் இவை எரியாததை வைத்து முடிவு கட்டாதீர்கள். பயாஸில் `ErP Ready` என்ற அமைப்பை ஆன் செய்திருந்தால், அணைந்த நிலையில் யூஎஸ்பிக்கும் நெட்வொர்க்குக்கும் மின்சாரம் போகாது.

இந்த விளக்குதான் வழி பிரியும் இடம். எரிந்தால் சுவர், கேபிள், ஃபியூஸ், பின்சுவிட்ச், பவர் சப்ளையின் சின்னப் பகுதி எல்லாம் பெரும்பாலும் சரி. கோளாறு அதற்கு அப்பால். எரியாவிட்டால் அதற்கு இப்பால். விளக்கைப் பார்க்காமல் ரேமைக் கழற்றி மாட்டுவதும் கிராபிக்ஸ் கார்டைத் துடைப்பதும் வீண் வேலை.

அக்காவின் போர்டில் விளக்கு விட்டுவிட்டு மினுக்கியது. விநாடிக்கு ஒருமுறை போல, மிக மங்கலாக. பகல் வெளிச்சத்தில் பார்த்திருந்தால் எரியவே இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

விளக்கு இல்லை, அல்லது மினுக்குகிறது

இப்போது கேள்வி இது: பவர் சப்ளை 5 வோல்ட்டைத் தரவில்லையா, தந்தும் மதர்போர்டுப் பக்கம் யாரோ அதை விழுங்கிவிடுகிறார்களா?

முதலில் யூஎஸ்பியில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பெட்டியின் முன்பக்க யூஎஸ்பி துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளிருக்கும் நாக்கு உடைந்து, ஊசிகள் வளைந்து வெளித் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த 5 வோல்ட் அங்கேயே ஷார்ட் ஆகலாம். முன்பக்க யூஎஸ்பியிலிருந்து போர்டுக்கு வரும் கேபிளைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். விளக்கு வந்துவிட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

அப்போதும் இல்லை என்றால் மல்டிமீட்டர் தேவை. வீட்டில் ஒன்று இருப்பது நல்லது, சாதாரணமானதே போதும். பிளக்கை எடுத்துவிட்டு, மதர்போர்டிலிருந்து 24 ஊசிப் பெரிய கனெக்டரையும், பிராசஸர் அருகிலிருக்கும் 4 அல்லது 8 ஊசிக் கனெக்டரையும், மற்ற எல்லா இணைப்புகளையும் கழற்றுங்கள். பவர் சப்ளை இப்போது தனியாக நிற்கிறது. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை 24 ஊசிக் கனெக்டரின் ஏதாவது ஒரு கறுப்பு வயரிலும், சிவப்பு முனையை ஊதா வயரிலும் வையுங்கள். பிறகு பிளக்கைச் செருகுங்கள். ஊதாதான் ஸ்டாண்ட்பை.

வர வேண்டியது 5 வோல்ட், 4.75க்கும் 5.25க்கும் நடுவே எங்கிருந்தாலும் சரி. எண் அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நின்றால் பவர் சப்ளையின் சின்னப் பகுதி நன்றாகத்தான் இருக்கிறது, போர்டுதான் அதை இழுத்துக் கீழே தள்ளுகிறது என்று சந்தேகப்படலாம். பூஜ்யம் வந்தாலும், 3 அல்லது 4க்குள் ஏறி இறங்கினாலும் பவர் சப்ளை போய்விட்டது.

ஒரு எச்சரிக்கை. சுமை ஏதும் இல்லாதபோது 5 காட்டிவிட்டு, போர்டில் மாட்டியதும் படுத்துவிடும் பவர் சப்ளைகளும் உண்டு. ஆகவே தனியாகச் சரியாகக் காட்டினால், 24 ஊசிக் கனெக்டரைப் போர்டில் மறுபடி மாட்டி, மீட்டர் முனையைக் கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து ஊதா வயரை ஒட்டி உள்ளே நுழைத்து இன்னொரு தடவை அளந்துவிடுங்கள். இந்த இரண்டாவது அளவும் வராமல் போர்டைக் குற்றம் சொல்ல மாட்டேன். மாட்டியதும் எண் சரிந்தால், வேறொரு பவர் சப்ளையை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் இருவரில் யார் என்பதைச் சொல்லும்.

அக்காவின் பவர் சப்ளை தனியாக நின்றபோதே 2.4, 3.1, 2.6 என்று குதித்துக்கொண்டிருந்தது.

காரணம் அந்த எட்டு வருடம்தான். ஸ்டாண்ட்பை பகுதிக்கு ஓய்வே கிடையாது. கம்ப்யூட்டரை நாளுக்கு மூன்று மணி நேரம் பயன்படுத்தினாலும் அது இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிறது. அதிலுள்ள சின்னக் கெபாசிட்டர்களின் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல வற்றும். இங்கே ஏர்கான் இல்லாத அறையில், மேசைக்கடியில் இருக்கும் பெட்டிக்குள் சூட்டுக்குக் குறைவில்லை. வற்றிய கெபாசிட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சுற்றைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் முழுதாக ஆறிப்போனபின் முதலிலிருந்து எழுப்ப அதனால் முடியாது. மூன்று வாரம் அணைத்து வைத்தது கோளாறை உண்டாக்கவில்லை. பல மாதமாக மறைந்திருந்ததை வெளியே காட்டியது, அவ்வளவுதான்.

இந்த வகைக் கோளாறுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. பிளக்கைச் செருகி ஒரு மணி நேரம் விட்டுவிட்டு வந்தால் சில சமயம் கம்ப்யூட்டர் எழுந்துவிடும். ‘சரியாகிவிட்டது’ என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தைக் கோப்புகளை நகல் எடுக்கப் பயன்படுத்துங்கள், பவர் சப்ளையை அந்த வாரமே மாற்றுங்கள். சில பழைய வடிவமைப்புகளில் ஸ்டாண்ட்பை கெடும்போது 5 வோல்ட் குறைவதற்குப் பதில் எகிறி, மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

கெபாசிட்டரை மட்டும் மாற்றினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கை எடுத்தபின்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். அந்த வேலையைத் தினமும் செய்பவர்கள் செய்யட்டும்.

விளக்கு எரிகிறது, ஆனால் எழவில்லை

உங்கள் வீட்டில் விளக்கு நிலையாக எரிகிறது என்றால் முதல் சந்தேகம் முன்பக்கப் பட்டன் மேல். பட்டனிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் போர்டின் கீழ் ஓரத்துக்கு வரும். பவர் சுவிட்சுக்கான இரண்டு ஊசிகள் எவை என்று போர்டின் கையேட்டில் படம் இருக்கும். அந்தக் கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஸ்குரூடிரைவர் நுனியால் அந்த இரண்டு ஊசிகளையும் ஒரே நொடி தொட்டுவிட்டு எடுங்கள். கம்ப்யூட்டர் எழுந்தால் பட்டன்தான் போய்விட்டது. புதுப் பட்டன் கிடைக்கும்வரை ரீசெட் பட்டனின் வயரை அந்த ஊசிகளில் மாட்டிக்கொள்ளலாம். அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. பட்டன் உள்ளேயே சிக்கி அமுங்கிக் கிடந்தாலும் கம்ப்யூட்டர் எழாது, அல்லது எழுந்த நாலைந்து விநாடியில் அணைந்துவிடும்.

ஊசியைத் தொட்டும் எழவில்லை என்றால் பச்சை வயரை அளக்க வேண்டும். எனக்குப் பிடித்த அளவு இது, ஏனென்றால் யார் மேல் தவறு என்று நேராகச் சொல்லிவிடும். மதர்போர்டு பவர் சப்ளையை எழுப்புவது இந்தப் பச்சை வயரைக் கொண்டுதான். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது அதில் 5 வோல்ட்டையொட்டி நிற்கும். பட்டனை அழுத்தியதும் போர்டு அதைப் பூஜ்யத்துக்கு இறக்கிப் பிடித்துக்கொள்ளும்.

எல்லாம் மாட்டியிருக்க, மீட்டரின் சிவப்பு முனையைக் கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து பச்சை வயரை ஒட்டி நுழைத்து, கறுப்பு முனையைப் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகத்தில் வைத்து, பட்டனை ஒருவரை அழுத்தச் சொல்லுங்கள். எண் அசையாமல் 5இலேயே நின்றால் போர்டு கூப்பிடவே இல்லை. கோளாறு போர்டு பக்கம். 0.8க்குக் கீழே இறங்கி நின்றும் விசிறி சுற்றவில்லை என்றால், போர்டு கூப்பிட்டுவிட்டது, பவர் சப்ளை பதில் சொல்லவில்லை. ஒரு கணம் இறங்கி, விசிறி சிலிர்த்து நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட் இருப்பதால் பவர் சப்ளை பின்வாங்குகிறது. அப்போது கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் பிளக்கை எடுத்துவிட்டு.

பவர் சப்ளைமேல் சந்தேகம் விழுந்தால், அதைத் தனியாக எழுப்பிப் பார்க்கலாம். எல்லாவற்றிலிருந்தும் கழற்றி, பிளக்கை எடுத்த நிலையில் 24 ஊசிக் கனெக்டரின் பச்சைத் துளையையும் பக்கத்துக் கறுப்புத் துளையையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். சுமைக்கு ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டுங்கள். பிறகு மின்சாரம் கொடுத்து அளவெடுங்கள்: மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.46 வரை. விசிறி சுற்றுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சூடானால்தான் சுற்றும் விசிறிகள் இப்போது நிறைய வருகின்றன. விசிறி சுற்றிக்கொண்டே 12 வோல்ட் சரிந்து கிடப்பதும் உண்டு. இந்தச் சோதனையில் தேறினாலும் முழுச் சுமையைத் தாங்கும் என்று உறுதியில்லை. தோற்றால் மட்டும் தீர்ப்பு உறுதி.

இரண்டு வரம்புகள். வயர்கள் எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தால் நிறத்தை நம்ப முடியாது. கையேட்டிலுள்ள ஊசிப் படத்தைப் பார்த்து, ஊதா 9ஆம் ஊசி, பச்சை 16ஆம் ஊசி என்று எண்ணிக் கண்டுபிடியுங்கள். பிராண்டு கம்பெனிகள் முழுதாகப் பூட்டி விற்கும் சில டெஸ்க்டாப்புகளில் 24 ஊசிக் கனெக்டரே இருக்காது. அவற்றுக்கு இந்த எண்கள் பொருந்தாது, பேப்பர் கிளிப்பும் கூடாது.

மாற்றும்போது

அக்காவும் நானும் சிம் லிம் ஸ்குவேர் போய் 450 வாட் பவர் சப்ளை ஒன்று வாங்கி வந்தோம். தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது தாராளம். கழற்றி மாட்டும் கேபிள் வகை என்றால் ஒன்றை மறக்கவே கூடாது: பழைய கேபிள்கள் புதுப் பெட்டியில் பொருந்துவதுபோலத் தெரிந்தாலும் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். பவர் சப்ளைப் பக்கத்து ஊசி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் டிஸ்க்கும் அதிலுள்ள படங்களும் அந்த நொடியே போய்விடும். அக்காவின் பையன் பழைய டிஸ்க் கேபிளை அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டபோது, அதைக் கழற்றிக் குப்பைப் பையில் போட்டுவிட்டுத்தான் மற்றதைத் தொட்டேன்.

புதியதை மாட்டும் முன் ஊதாவை அளந்தேன்: 5.06, அசைவில்லை. மாட்டிச் செருகியதும் போர்டில் பச்சை விளக்கு நிலையாக நின்றது. பட்டனை அழுத்தினோம், எழுந்தது.

“அப்ப இனிமே ஊருக்குப் போனா சுவிட்சை அணைக்காமப் போகவா தம்பி?” என்று அக்கா கேட்டார். அணைத்துவிட்டே போங்கள் என்றேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு ராத்திரி சுவர் சுவிட்சை அணைத்து வைத்துவிட்டு, காலையில் எழுகிறதா என்று மட்டும் பார்த்துவிடச் சொன்னேன். அப்போது விளக்கு மினுக்கினால் ஊருக்குப் போகும் முன்பே படங்களை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.